ஒப்பந்தம் முடிகிறது என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகு

சிறு நிறுவனங்களுக்கு வலைத்தளம் அமைத்து, டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரித்துத் தரும் தொழிலில் இருப்பவர்களுக்கு, "அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்" என்ற செய்தி எப்போதாவது வந்தே தீரும். வேலை பிடிக்காமல் இருக்கலாம். செலவைக் குறைக்க நினைத்திருக்கலாம். முதலாளியின் மகன் படிப்பை முடித்து வந்து தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்தச் செய்திக்குப் பிறகு நம் கையில் பெரும்பாலும் முப்பது நாட்கள் இருக்கும். நல்ல பெயரோடு பிரிய வேண்டும் என்று எண்ணுபவர்கள்கூட அதை வார்த்தைகளில் தேடுகிறார்கள்: கனிவான கடிதம், நன்றி, மீண்டும் சந்திப்போம் என்ற வரி. இவற்றில் தவறில்லை. ஆனால் வாடிக்கையாளரின் மனத்தில் கடைசியாக நிற்பது கடிதமல்ல. நாம் விலகிய மறுநாள் காலை அவருடைய அலுவலகத்தில் எதுவும் நின்றுபோகாமல் ஓடுகிறதா என்பதுதான். நம்மைக் கூப்பிடாமலே அவர்களால் வேலையைத் தொடர முடிந்தால் பிரிவு நல்லபடியாக நடந்தது என்று பொருள். முடியாவிட்டால் எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

முடிவுக்கு ஏன் இவ்வளவு எடை என்பதற்கு உளவியலில் ஒரு சோதனை உண்டு. டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்டது. பங்கேற்றவர்கள் ஒரு கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி வைத்திருந்தார்கள். இன்னொரு கைக்கு அதே 60 வினாடியோடு மேலும் 30 வினாடி சேர்த்தார்கள். அந்த 30 வினாடியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு உயர்த்தப்பட்டது. எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட சோதனையையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனாலும் முடிவு சற்று இதமாக இருந்ததால் நினைவில் அது குறைவாகப் பதிந்தது. இந்தச் சான்றை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஒன்றரை நிமிட உடல் வேதனையைப் பற்றிய சோதனையை நான்கு ஆண்டுத் தொழில் உறவுக்கு அப்படியே பொருத்த முடியாது. நான்கு ஆண்டும் மோசமாக வேலை செய்தவரைக் கடைசி மாதம் காப்பாற்றிவிடாது. ஆனால் எதிர்த்திசையில் இந்தத் தொழிலில் ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. நன்றாக நடக்கும் பராமரிப்பு கண்ணுக்குத் தெரியாத வேலை. தளம் திறக்கிறது, மின்னஞ்சல் வருகிறது. அதற்காக யாரும் நம்மை நினைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் நம் உழைப்பை நேரடியாகப் பார்ப்பது தொடக்கத்தில் ஒருமுறை, ஒப்படைக்கும்போது ஒருமுறை. அதனால்தான் கடைசி மாதத்துக்கு இத்தனை கனம்.

முதலில், வந்திருப்பது முடிவா, பேரமா என்று பிரித்தறிய வேண்டும். "கட்டணம் அதிகமாகத் தெரிகிறது, கொஞ்சம் யோசிக்க வேண்டும்" என்பது பேரம். அதற்குப் பதில் பேசலாம், வேலையைக் குறைத்துக் கட்டணத்தையும் குறைக்கலாம். ஆனால் செய்தியில் ஒரு கடைசித் தேதி இருந்தாலோ, அடுத்து யார் பார்க்கப்போகிறார் என்பது சொல்லப்பட்டிருந்தாலோ, பாஸ்வேர்டு பட்டியல் கேட்கப்பட்டிருந்தாலோ அது முடிவு. வேறொருவரிடம் விலை கேட்டு, வீட்டிலும் பங்குதாரரிடமும் பேசி, எப்படிச் சொல்வது என்று சில நாள் தயங்கிய பிறகுதான் பெரும்பாலோர் அப்படி எழுதுகிறார்கள். அந்த நிலையில் தள்ளுபடி அறிவித்தால், "இவ்வளவு குறைக்க முடியும் என்றால் இத்தனை நாள் ஏன் கூடுதலாக வாங்கினார்?" என்ற கேள்விதான் அவருக்கு எழும். முயன்று பார்க்காமலே விட்டுவிடுவதா என்று கேட்கலாம். முயல்வதற்கான காலம் புதுப்பிப்புக்கு இரண்டு மாதம் முன்னால், அவர் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது இருந்தது. இப்போது நடக்கும் முயற்சி அவரைத் தன் முடிவுக்காக வாதாட வைக்கும். வாதாடும்போது நம்மிடம் கண்ட குறைகளையெல்லாம் திரட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொன்னவர் பிறகு எளிதில் திரும்பி வருவதில்லை.

அதனால் முதல் பதில் அன்றைக்கே போக வேண்டும், குறுகியதாக இருக்க வேண்டும். காரணம் கேட்க வேண்டாம். வருத்தத்தை விரித்து எழுதவும் வேண்டாம். அவருக்கு அந்த நேரத்தில் உள்ள பயம் ஒன்றுதான்: இவர் கோபித்துக்கொண்டு எதையாவது நிறுத்திவிடுவாரோ என்பது. பதில் அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியானாலும் பதிலை மின்னஞ்சலிலும் அனுப்பிவைப்பது பின்னால் இரு தரப்புக்கும் உதவும். இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். உங்கள் முடிவு கிடைத்தது, புரிந்துகொண்டேன். செப்டம்பர் 30 வரை எல்லாம் இப்போதுபோலவே ஓடும். டொமைன், ஹோஸ்டிங், மெயில் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன, எதை எந்தத் தேதியில் மாற்றித் தருவேன் என்ற பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அடுத்துப் பார்க்கப்போகிறவரின் எண்ணைக் கொடுத்தால் அவரிடமே நேரடியாகப் பேசிக்கொள்கிறேன். முன்பணத்தில் மீதி வரவேண்டியதையும் அதே பட்டியலில் கணக்கிட்டுச் சொல்கிறேன்."

இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வேலைக்கான உறுதி. அந்த வேலைகளில் எது கடினமானது என்பதைப் பார்க்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். வெளிநாட்டு வாங்குநர்களின் விசாரணை, மாதிரிக்கான ஒப்புதல், ஷிப்மென்ட் தேதி எல்லாம் நிறுவனத்தின் பெயரிலான மின்னஞ்சலில்தான் நடக்கின்றன. மெயில் கூகுளின் கட்டணச் சேவையில் இருக்கிறது. வலைத்தளம் நாம் மறுவிற்பனைக்கு வாங்கிய ஹோஸ்டிங்கில் இருக்கிறது. டொமைன் நான்கு ஆண்டுக்கு முன் அவசரத்தில் நம் கணக்கிலேயே பதிவாகி, அப்படியே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் மிகச் சாதாரணம். பிரியும்போது சிக்கல் முளைக்கும் இடமும் இதுதான்.

டொமைனிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. இதை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே பதிவு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை உள்ளுக்குள்ளேயே அந்தக் கணக்குக்குத் தள்ளிவிடுவது. பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். இன்னொன்று, அங்கீகாரக் குறியீட்டைக் கொடுத்து வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவது. இதற்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இந்த இரண்டாம் வழியில் ஒரு பொறி இருக்கிறது. டாட் காம் போன்ற டொமைன்களில் உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால், வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பல பதிவு நிறுவனங்கள் 60 நாள் பூட்டு போடுகின்றன. நல்ல எண்ணத்தில் முதலில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு குறியீட்டைக் கேட்கும்போது பூட்டு விழுந்திருக்கும். நம் முப்பது நாள் அதற்குள் முடிந்துவிடும். வாடிக்கையாளருக்கோ நாம் இழுத்தடிப்பதுபோலத் தெரியும். ஆகவே முதல் வழியே மேல். பிறகு எங்கே கொண்டுபோவது என்பதை அவர்கள் ஆற அமர முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தப் புதுக் கணக்கை எந்த மின்னஞ்சலில் திறப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். அதை அதே டொமைனில் உள்ள முகவரியில் திறக்கக் கூடாது. ஒருநாள் டொமைன் காலாவதியானால் அந்த முகவரிக்கு மெயில் வராது, கணக்கைத் திறக்கத் தேவையான ஒருமுறைக் குறியீடும் வராது. உரிமையாளரின் தனிப்பட்ட ஜிமெயில் முகவரியும் அவருடைய சொந்தக் கைபேசி எண்ணுமே சரி. அலுவலக உதவியாளரின் எண் வேண்டாம்; அவர் வேலையை விட்டுப் போகும்போது இதே கதை மறுபடி தொடங்கும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாமல் உடையக்கூடிய இடம். "வலைத்தளத்தைத்தானே மாற்றுகிறார்கள், மெயில் கூகுளில் இருக்கிறதே, அதற்கு என்ன ஆகும்?" என்று வாடிக்கையாளர் மட்டுமல்ல, புதிதாக வருபவரும் நினைத்துவிடுகிறார். ஆனால் இந்த டொமைனுக்கு வரும் மெயிலை கூகுளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பு கூகுளிடம் இல்லை. அது டொமைனின் டிஎன்எஸ் பதிவில் இருக்கிறது. நம் கற்பனை நிறுவனத்துக்கு அந்தப் பதிவு ஹோஸ்டிங் சர்வரிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. புதியவர் "நேம்சர்வரை எங்களுடையதற்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பார், நாமும் மாற்றிவிடுவோம். அவருடைய சர்வரில் வலைத்தளத்துக்கான வரி மட்டும் இருந்து, மெயிலுக்கான வரிகள் இல்லாமல் போனால் தளம் அழகாகத் திறக்கும், மெயில் நின்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால் மெயில் வரவில்லை என்பதற்கு நிறுவனத்துக்கு எந்த அறிவிப்பும் கிடையாது. அனுப்பிய வாங்குநருக்குச் சில சமயம் உடனே திரும்பிவரும், சில சமயம் அவருடைய சர்வர் நாள்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். திருப்பூரில் இருப்பவர், இன்று மெயில் கொஞ்சம் குறைவு என்று எண்ணிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் வாங்குநர் போனில் கூப்பிட்டுக் கேட்கும்போதுதான் தெரியவரும். அப்போது வாடிக்கையாளரின் வாயில் வருவது புதியவர் பெயர் அல்ல, நம் பெயர்தான்.

இதைத் தடுப்பது கடினமில்லை. இப்போதுள்ள டிஎன்எஸ் பதிவுகளை ஒன்றுவிடாமல் எடுத்து, புதியவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் கற்பனை நிறுவனத்துக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
example.com.      300  IN  A    203.0.113.10
example.com.      300  IN  MX   1 smtp.google.com.
example.com.      300  IN  TXT  "v=spf1 include:_spf.google.com ~all"
```

முதல் வரி வலைத்தளம் எங்கே என்று சொல்கிறது. இரண்டாவது, மெயில் யாரிடம் போக வேண்டும் என்பது. மூன்றாவது, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்பது. இது விடுபட்டால் நிறுவனம் அனுப்பும் மெயில் வாங்குநரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும் வாய்ப்பு அதிகம். மெயிலின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் இன்னொரு நீண்ட TXT வரியும் பொதுவாக இருக்கும், அதையும் விடக் கூடாது. 300 என்ற எண் வினாடிக் கணக்கு. பழைய பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற சர்வர்களுக்கு அது சொல்கிறது. ஹோஸ்டிங்குகளில் இது பெரும்பாலும் 14400, அதாவது நான்கு மணி நேரமாக இருக்கும். மாற்றத்துக்கு ஒருநாள் முன்பே 300க்கு இறக்கி, புதிய சர்வரிலும் அதையே வைத்தால், பதிவில் ஏதேனும் பிழை நேர்ந்தாலும் திருத்தம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பரவும்.

நேம்சர்வரை மாற்றுவதற்கு முன்பே புதிய சர்வரிடம் நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதியவருடைய நேம்சர்வர் பெயரைப் போட்டு இந்த ஒரு வரியை அடித்தால் போதும்:

```
dig @ns1.newhost.example example.com MX +short
```

விடையாக `1 smtp.google.com.` வந்தால் மாற்றலாம். ஒன்றும் வராமல் வெறுமையாக இருந்தால் மாற்றக் கூடாது. புதியவரைக் கூப்பிட்டு அந்த வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகும் பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடிவிடக் கூடாது. டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்தை இணையத்தில் உள்ள மற்ற சர்வர்கள் 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம். அந்தக் காலத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. அந்த இரண்டு நாளும் சிலர் பழைய சர்வரைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அது சரியான பதிலைச் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் விட்டுவைப்பது பாதுகாப்பானது, அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. மாற்றத்துக்கான நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதக் கடைசி ஏற்றுமதியாளர்களுக்கு ஷிப்மென்ட் நெருக்கடி. வெள்ளி மாலையில் மாற்றினால் பிழை திங்கள்வரை கவனிக்கப்படாமல் கிடக்கும். செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க் காலை நல்லது. மாற்றிய அன்றும் மூன்றாம் நாளும், வெளியிலுள்ள ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, பதிலும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து கொடுப்பதற்கு எதிரான வலுவான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. "பாக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள், டொமைன் ஒன்றுதான் என் கையில் இருக்கும் பிடி. அதையும் கொடுத்துவிட்டால் பிறகு யார் பணம் தருவார்?" இந்தக் கவலை நியாயமானது. சிறு தொழில் செய்பவருக்கு இருபதாயிரம் ரூபாய் நிலுவை சிறிய தொகை அல்ல. ஆனால் அந்தப் பிடி உறுதியானது என்ற எண்ணம் தவறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, தையற்காரர் தன்னிடம் தைக்கக் கொடுத்த துணியைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அது ஒருவர் கொண்டுவந்து ஒப்படைத்த பொருளுக்கு, அந்தப் பொருளின்மேல் செய்த வேலைக்கான கூலியைப் பற்றியது. எந்த நிலுவைக்காகவும் எந்தப் பொருளையும் பிடித்து வைக்கலாம் என்ற பொது உரிமையை 171ஆம் பிரிவு வங்கியாளர், உயர் நீதிமன்ற அட்டர்னி உள்ளிட்ட ஐந்து வகையினருக்கு மட்டுமே கொடுக்கிறது. மற்றவர்களுக்கு அது ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் பணத்தில் ஓடும் டொமைனை நிறுத்தி வைப்பவர், இருபதாயிரம் நிலுவைக்காக ஓர் ஏற்றுமதி ஆர்டர் போனதற்கான நட்டஈட்டுக் கோரிக்கையைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறார்.

நியாயமான பிடி வேறு இடத்தில் இருக்கிறது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக நாம் இருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் வாடிக்கையாளருக்கு விதிக்கும் உச்சக் கெடு 45 நாள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். அதன் பிறகும் வரவில்லை என்றால் மாநிலத்தின் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்யலாம். வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கடைசி இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணையும் செலுத்த வேண்டிய தேதியையும் அச்சிட்டு அனுப்பினால் மிரட்டல் தொனி இல்லாமலே விஷயம் போய்ச் சேரும். நிலுவைக் கடிதமும் ஒப்படைப்பும் தனித்தனியாக நடக்கட்டும். ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போட்ட கணத்தில் பேச்சு தகராறாக மாறிவிடும்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே சட்டம் நமக்குச் சாதகமாக இருப்பதே சிக்கல். சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் ஒப்பந்தத்தில் எழுதிய நிரலுக்கு, மாறாக எழுதிக்கொள்ளாதவரை, எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பொது நிலை. பணம் முழுவதும் கட்டிய வாடிக்கையாளர் இது தெரியாமல் தளம் தன்னுடையது என்றே நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையை உண்மையாக்கி எழுதிக் கொடுப்பது கடைசி மாதத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி. அதிலும் இரண்டு சொற்றொடர்கள் விட்டுப்போகக் கூடாது. 19ஆம் பிரிவின்படி எத்தனை காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்குநரெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் நிறுவனத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் உரிமையால் என்ன பயன்? "பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதி, நாம் கையெழுத்திட்டு, எந்தெந்தப் பகுதிகள் என்று குறிப்பிட வேண்டும். நாம் எல்லா வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தும் பொதுவான நிரல் துண்டுகளை மட்டும் விலக்கிவைத்து, அவற்றைப் பயன்படுத்தும் அனுமதியை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

முன்பணக் கணக்கை நாமே முதலில் எடுத்துவைத்தால் பாதி மனக்கசப்பு வராது. ஏப்ரலில் ஓராண்டுக்கு 60,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 10,800 ரூபாயும் வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 30இல் ஆறு மாதம் முடிகிறது. மீதி ஆறு மாதத்துக்கு 30,000 ரூபாய், அதற்கான வரி 5,400, ஆக 35,400 திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் முன்பணம் திரும்பாது என்று எழுதியிருந்தால் சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். எழுதியதைப் பிடித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால் செய்யாத வேலைக்கான பணத்தை வைத்துக்கொண்டு நல்ல எண்ணத்தை எதிர்பார்க்க முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆண்டு முழுவதற்கும் இன்வாய்ஸ் போட்டிருந்தால் வெறுமனே பணத்தை அனுப்பிவிடாமல் ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட வேண்டும். அதைக் கணக்கில் காட்ட அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வரை, எது முந்தியதோ அதுவரை காலம் இருக்கிறது. வாடிக்கையாளர் அந்த 5,400 ரூபாயை ஏற்கெனவே உள்ளீட்டு வரியாக எடுத்திருப்பார். அதை அவர்கள் கணக்காளர் திருப்பிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் பின்னால் வரும் குழப்பம் தவிரும்.

இன்னொரு ஆட்சேபம், நம் இடத்துக்கு வருபவரைப் பற்றியது. போட்டியாளருக்கு நாமே பாடம் எடுப்பதா என்று மனம் கேட்கும். நாம் சொல்லாவிட்டாலும் அவர் தோண்டி எடுத்துக்கொள்வார். தோண்டும் நேரமெல்லாம் "பழைய ஆள் எப்படிச் செய்து வைத்திருக்கிறார் பாருங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். தெளிவான இரண்டு பக்கக் குறிப்பு கிடைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. எந்தச் செருகுநிரல் நம் மொத்த உரிமத்தில் ஓடுகிறது, நாம் விலகியதும் எதற்கு அவர்கள் தனியாக உரிமம் வாங்க வேண்டும், காப்பு நகல் எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம், டொமைன் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, தெரிந்தே சரிசெய்யாமல் விட்ட கோளாறுகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை எழுதத்தான் கை வராது. ஆனால் விசாரணைப் படிவம் சில கைபேசிகளில் தடுமாறுகிறது என்று நாமே எழுதிவைத்தால் அது ஒரு தகவல். புதியவர் கண்டுபிடித்துச் சொன்னால் அது நம்மீது ஒரு புகார்.

உதவிக்கு எல்லை வைக்க வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். எல்லையில்லாத நல்லெண்ணம் மூன்றாம் மாதம் எரிச்சலாகத் திரும்பும். அக்டோபர் 15 வரை கேள்விகளுக்குக் கட்டணமில்லாமல் பதில், அதன் பிறகு மணிக்கு இவ்வளவு என்று ஒப்படைப்புக் குறிப்பிலேயே எழுதிவிடலாம். அதோடு நம் அணுகலை நாமே நீக்க வேண்டும். வேர்ட்பிரஸில் நம் நிர்வாகிக் கணக்கு, ஹோஸ்டிங் பாஸ்வேர்டு, கூகுள் அனலிடிக்ஸில் நம் பெயர், கைபேசியில் இன்னும் உள்நுழைந்தபடியே கிடக்கும் அவர்களுடைய மெயில் என எல்லாவற்றையும் அக்டோபர் 15 அன்று நீக்கி, நீக்கியதைத் திரைப்பிடிப்போடு தெரிவிக்க வேண்டும். இது நமக்கே பாதுகாப்பு. டிசம்பரில் தளத்தை யாராவது ஊடுருவினால், முதலில் கேட்கப்படும் கேள்வி யார் யாரிடம் பாஸ்வேர்டு இருந்தது என்பதே. விசாரணைப் படிவத்தில் சேர்ந்த வாங்குநர்களின் பெயர், எண் அடங்கிய நகல் நம் கணினியில் இருந்தால் அதையும் அழித்து, அழித்த தேதியை எழுத வேண்டும். வழக்குக்கோ வரிக்கோ தேவையான இன்வாய்ஸ்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் கேட்பதற்கு இதுதான் நேரம். பணம் திரும்பிப் போய், அணுகல் நீங்கி, அவருக்கு நம்மிடம் பயப்பட எதுவும் இல்லாதபோது கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கேள்வி ஒன்றே இருக்கட்டும்: "எங்கள் வேலையில் எது முன்பே சரியாகியிருந்தால் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்?" போனில் கேட்பது நல்லது, எழுத்தில் கேட்டால் மரியாதைக்காகப் பட்ஜெட் என்று எழுதிவிடுவார்கள். வரும் பதிலுக்கு விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும். செய்தி அனுப்பினால் பதில் வர மூன்று நாள் ஆகிறது என்று அவர் சொன்னால், அது உண்மையா என்பதை மற்ற வாடிக்கையாளர்களின் கடந்த மூன்று மாதச் செய்திகளில் தேதி பார்த்துச் சரிபார்க்கலாம். அவர்களில் அடுத்த ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டியவர்கள் யார் என்ற பட்டியலும் அப்போது பக்கத்தில் இருக்கட்டும்.